முன்னிருப்பு: நீண்ட சம்பாஷணையைச் சுருக்கி ஞாபகத்தில் வைக்கும் முறை

1. நிலக்கடலைச் சட்னி வந்த கதை

கல்யாணச் சமையலை ஒப்பந்தமாக எடுத்துச் செய்யும் ஒருவருக்காக, வாடிக்கையாளர்களுடன் தமிழில் பேசி, இலைக் கணக்கு, பலகாரப் பட்டியல், முன்பணம் முதலிய விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் சாட்பாட் ஒன்றை ஒரு சமயம் நான் அமைத்துக் கொடுத்தேன். மகளின் விவாகத்தை முன்னிட்டு ஓர் அம்மையார் அதனோடு மூன்று வார காலம், விட்டு விட்டு, ஏறக்குறைய 120 முறை பேசினார். முதல் நாளிலேயே அவர் எழுதிய வாக்கியம் இது: "மாப்பிள்ளையோட தம்பிக்கு நிலக்கடலை ஆகாது, புளியோதரையில கூடப் போட்டுடாதீங்க." மூன்றாம் வாரத்தில் சாட்பாட் தயாரித்துக் கொடுத்த பட்டியலில், புளியோதரைக்கு எதிரே 'கடலை இல்லாமல்' என்ற குறிப்பு ஒழுங்காகவே இருந்தது, ஆனால் காலைப் பலகார வரிசையில் இட்லிக்குத் துணையாக நிலக்கடலைச் சட்னியும் இருந்தது. பட்டியலை அம்மையார் ஒருமுறை படித்துப் பார்த்ததால் விபரீதம் நேரவில்லை. அவர் எழுதி அனுப்பிய பதில் ஒரே வரி: "நான்தான் முதல் நாளே சொன்னேனே?"

சொன்னது உண்மை, அது எங்கள் பதிவிலும் அட்சரம் பிசகாமல் இருந்தது. ஆயினும் சாட்பாட்டின் கண்ணுக்கு அது அப்போது தென்படவில்லை. ஏனெனில் பழைய பேச்சைச் சுருக்குவதற்கு நான் எழுதிவைத்திருந்த முறை, அந்த வாக்கியத்தைத் தேய்த்துத் தேய்த்து வேறொரு வாக்கியமாக ஆக்கிவிட்டிருந்தது. அது எப்படி நேர்ந்தது, அதை எப்படித் தவிர்ப்பது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

2. ஏன் சுருக்க வேண்டும்?

சாட்பாட்டின் பின்னால் இருக்கும் மொழி மாடலுக்குச் சுயமாக ஞாபகம் என்பது கிடையாது. வாடிக்கையாளர் ஐம்பதாவது கேள்வியைக் கேட்கும்போது, அதற்கு முந்திய நாற்பத்தொன்பது கேள்விகளையும் அவற்றின் பதில்களையும் நம்முடைய நிரல்தான் வரிசையாக அடுக்கி, புதுக் கேள்வியை அடியில் சேர்த்து, முழுக் கட்டையும் மறுபடி அனுப்புகிறது. மாடல் அதை முதல் எழுத்திலிருந்து படித்துப் பதில் சொல்லிவிட்டு, சொன்ன மாத்திரத்தில் அனைத்தையும் மறந்துவிடுகிறது. இப்படி ஒரு தடவை அனுப்பப்படும் கட்டு முழுவதற்கும் கான்டெக்ஸ்ட் என்று பெயர். அதன் நீளத்தை டோக்கன் என்னும் சிறு துண்டுகளால் அளக்கிறார்கள். கூலியும் அந்த டோக்கன் கணக்கிலேயே வாங்கப்படுகிறது.

இதில் ஒளிந்திருக்கும் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு கேள்வியும் அதன் பதிலும் சேர்ந்து சராசரி 250 டோக்கன் என்றும், சாட்பாட்டுக்கு நாம் தரும் நிரந்தரக் கட்டளைகள் 600 டோக்கன் என்றும் வைத்துக்கொண்டால், நூற்றிருபதாவது முறை அனுப்பப்படும் கட்டு ஏறக்குறைய 30,600 டோக்கன்தான். இன்றைய மாடல்கள் பல அதை அனாயாசமாக ஏற்கும். ஆனால் முதல் முறை முதல் நூற்றிருபதாவது முறை வரை அனுப்பியவற்றையெல்லாம் கூட்டினால், ஏறக்குறைய 18 லட்சத்து 87 ஆயிரம் டோக்கன் ஆகிறது. பேச்சு இரட்டித்தால் செலவு இரட்டிப்பதில்லை; நாலு மடங்கை நெருங்குகிறது.

தமிழில் பேசும் சாட்பாட்டுக்கு இந்தப் பாரம் இன்னும் அதிகம். ஆங்கிலத்துக்காகவே பெரும்பாலும் வகுக்கப்பட்ட டோக்கன் முறைகள் தமிழ்ச் சொற்களைப் பொடிப்பொடியாக நொறுக்கிவிடுகின்றன. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024-ஆம் வருஷம் மே மாதத்தில் புது டோக்கன் முறையை வெளியிட்டபோது, உதாரணத்துக்காகக் கொடுத்திருந்த ஒரு தமிழ் வாக்கியத்துக்குப் பழைய முறையில் 116 டோக்கனும் புது முறையில் 35 டோக்கனும் ஆனதாகக் காட்டியது. ஆகவே தாம் உபயோகிக்கும் மாடல் எந்த முறையில் எண்ணுகிறது என்பதைத் தம் சொந்த வாக்கியங்கள் பத்தை எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்டே வாசகர் மேலே செல்ல வேண்டும்.

பணம் ஒரு பொருட்டில்லை என்பவருக்கும் வேறொரு காரணம் இருக்கிறது. நீண்ட கட்டின் தலையிலும் வாலிலும் உள்ள சங்கதிகளை மாடல்கள் நன்றாகப் பிடித்துக்கொள்வதையும், நடுவில் கிடப்பவற்றைத் தவறவிடுவதையும், நெல்சன் லியூவும் அவருடைய சகாக்களும் 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. பின்னர் வந்த மாடல்கள் இதில் தேறியிருக்கின்றன என்றாலும், பூப்பந்தல் பேச்சுக்கும் பந்தி நேரப் பேச்சுக்கும் இடையில் புதைந்து கிடக்கும் ஒரு வரியை எப்போதும் தவறாமல் கண்டெடுக்கும் என்று நம்பிக்கை வைப்பதற்கில்லை.

3. நாளேடும் பேரேடும் முன்னிருப்பும்

பழைய கடைக் கணக்குப்பிள்ளைகள் இந்தச் சிக்கலுக்கு வெகு காலத்துக்கு முன்பே ஒரு விடை கண்டிருந்தார்கள். நாளேட்டில் ஒரு பக்கம் நிறைந்ததும் அதன் அடியில் கூட்டிப் போட்டு, அந்தத் தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் முன்னிருப்பாக எழுதிக்கொண்டு கணக்கைத் தொடர்வார்கள். பழைய பக்கங்களைப் புரட்டாமலே அன்றைய காரியம் நடக்கும். ஆனால் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும், இன்னாரிடமிருந்து இவ்வளவு வர வேண்டும் என்பதைக் கூட்டுத்தொகைக்குள் கரையவிடாமல், ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கிப் பேரேட்டில் தனியாக ஏற்றுவார்கள். நாளேட்டையோ ஒருபோதும் கிழித்தெறிய மாட்டார்கள்.

சாட்பாட்டின் கான்டெக்ஸ்டையும் இப்படியே பகுத்துக்கொள்ளலாம். நிரந்தரக் கட்டளைகளுக்கு அடுத்தபடியாக, உறுதியான விவரங்களைத் தாங்கிய பேரேடு சுமார் 300 டோக்கன். அதற்குக் கீழே, இதுவரை நடந்த பேச்சின் போக்கைச் சொல்லும் முன்னிருப்புச் சுருக்கம் சுமார் 400 டோக்கன். அதற்கும் கீழே, கடைசியாக நடந்த சில பேச்சுகள் ஒரு சொல்லும் மாற்றப்படாமல் அப்படியே. நாளேடு, அதாவது ஆதியோடந்தமான முழுப்பதிவு, தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கும்; அது மாடலுக்கு அனுப்பப்படுவதில்லை.

அண்மைப் பேச்சை ஏன் சுருக்காமல் விட வேண்டும் என்று கேட்கலாம். "அதையே ரெண்டு மடங்காப் போடுங்க", "முன்னாடி சொன்னது வேண்டாம், அடுத்ததே இருக்கட்டும்" என்பன போன்ற பேச்சில், 'அது', 'முன்னாடி', 'அடுத்தது' என்னும் சொற்களுக்குப் பொருள் அதற்குச் சற்று முந்திய வரிகளில்தான் கிடைக்கும். அவ்வரிகளைச் சுருக்கிவிட்டால் வாடிக்கையாளரின் சுட்டுவிரல் வெறும் காற்றைச் சுட்டிக்கொண்டு நிற்கும். என் அனுபவத்தில் குறைந்தபட்சம் கடைசி ஆறு பேச்சுகளாவது முழு வடிவில் இருப்பது நல்லது.

சுருக்கத்தையும் அண்மைப் பேச்சையும் இணைத்து வைக்கும் ஏற்பாடு புதிதன்று. லாங்செயின் என்னும் நிரல் தொகுப்பில் `ConversationSummaryBufferMemory` என்ற பெயரில் அது ஆரம்ப காலத்திலேயே இடம்பெற்றிருந்தது. நானும் அதைப் போன்ற ஒன்றைத்தான் முதலில் செய்தேன். நிலக்கடலைச் சட்னி வந்ததும் அதனால்தான். ஏனெனில் அதில் நாளேடும் முன்னிருப்பும் இருந்தன, பேரேடு இல்லை.

4. எப்போது சுருக்குவது, எங்கே வெட்டுவது

ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் உடனுக்குடன் சுருக்கிவிடலாமே என்று தோன்றுவது இயற்கை; அது இரண்டு விதத்தில் நஷ்டம். முதலாவது, சுருக்கம் எத்தனை முறை திருப்பி எழுதப்படுகிறதோ அத்தனை முறை அது தேய்கிறது. இரண்டாவது, அனுப்பப்படும் கட்டின் தலைப்பகுதி சென்ற முறை அனுப்பியதைப் போலவே எழுத்து மாறாமல் இருந்தால், சேவை நிறுவனங்கள் பல அந்தப் பகுதிக்குக் குறைந்த கட்டணம் வாங்குகின்றன. சுருக்கத்தை ஒவ்வொரு முறையும் மாற்றினால், மாறிய இடத்துக்குக் கீழே உள்ளது முழுவதும் அந்தச் சலுகையை இழந்துவிடும்.

ஆகையால் இரண்டு மட்டங்களை நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். ஏரியில் தண்ணீர் மேல் மட்டத்தைத் தொடும் வரையில் மதகைத் திறப்பதில்லை. திறந்தால் கீழ் மட்டம் வரையில் வடியவிட்டு மூடுகிறோம். அதுபோல, அண்மைப் பேச்சு 4,000 டோக்கனைத் தாண்டும் வரையில் ஒன்றும் செய்யாமல் இருந்து, தாண்டியவுடன் பழையவற்றை ஒரு கொத்தாக வெட்டிச் சுருக்கி, சுமார் 1,500 டோக்கன் மட்டும் மிஞ்சும்படி செய்கிறோம். நம் உதாரணக் கணக்கில் இது பத்துப் பேச்சுக்கு ஒருமுறை நிகழும்.

```python
HIGH, LOW = 4000, 1500

def compact(s):
    if tokens(s.tail) <= HIGH:
        return
    cut = 0
    while cut < len(s.tail) - 1 and tokens(s.tail[cut:]) > LOW:
        cut += 1
    while cut > 0 and s.tail[cut]["role"] != "user":
        cut -= 1
    if cut == 0:
        return
    old = s.tail[:cut]
    s.facts, s.summary = summarize(s.facts, s.summary, old)
    s.tail = s.tail[cut:]
    s.upto = old[-1]["id"]
```

இதில் இரண்டாவது `while` வரியைக் கவனிக்க வேண்டும். வெட்டு எப்போதும் வாடிக்கையாளர் பேசத் தொடங்கும் இடத்திலேயே விழ வேண்டும். கேள்வி ஒருபுறமும் பதில் மறுபுறமுமாகப் பிளந்துவிடக் கூடாது. விலைப்பட்டியலைப் பார்த்துவரும் கருவி போன்ற ஒன்றைச் சாட்பாட் அழைத்திருந்தால், அழைப்பு வெட்டுப்பட்டுப் போய் அதன் விடை மட்டும் எஞ்சியிருக்கும் கட்டைச் சேவை நிறுவனத்தின் ஏபிஐ பெரும்பாலும் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். பேச்சு எப்போதாவது இன்ன காரணம் என்று தெரியாமல் பாதியில் நின்றுபோகிறது என்ற புகார் வந்தால், முதலில் சோதிக்க வேண்டிய இடம் இதுதான்.

கடைசி வரியில் உள்ள `upto` என்பது, இந்தச் சுருக்கம் நாளேட்டின் எந்தப் பேச்சு வரையில் அடக்கியது என்பதற்கான அடையாளம். சுருக்கும் வேலை சில விநாடி பிடிக்குமாதலால், வாடிக்கையாளரைக் காத்திருக்க வைக்காமல் அதைப் பின்னணியில் செய்வது வழக்கம். அந்த இடைவேளையில் புதுப் பேச்சு வந்துவிட்டாலும், இந்த அடையாளம் இருந்தால் எந்தப் பேச்சும் இருமுறை சேராது, எதுவும் விட்டும் போகாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு தடவை அனுப்பும் கட்டு, சராசரியாக 4,050 டோக்கன் ஆகிறது. 120 முறைக்கு 4 லட்சத்து 86 ஆயிரம். சுருக்குவதற்கென்று பதினொரு முறை தனியே செய்யும் அழைப்புகளுக்கு ஏறக்குறைய 40 ஆயிரம் சேர்த்தாலும், பழைய செலவில் கால்பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அன்றியும் பேச்சு எவ்வளவு நீண்டாலும் கட்டின் சராசரி அந்த அளவுக்குமேல் பருப்பதில்லை.

5. வாக்கியம் எப்படித் தேய்ந்தது

இனி அம்மையாரின் வாக்கியத்துக்கு வருவோம். பிற்பாடு நான் சுருக்கங்களின் பழைய பிரதிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்துப் பார்த்தபோது, அந்த ஒரு சங்கதி மட்டும் கீழ்க்கண்டவாறு உருமாறியிருந்தது.

முதல் சுருக்கத்தில்: "மாப்பிள்ளையின் தம்பிக்கு நிலக்கடலை ஒவ்வாது, புளியோதரையிலும் சேர்க்கக் கூடாது." இது சரி. மூன்றாவது சுருக்கத்தில்: "புளியோதரையில் நிலக்கடலை வேண்டாம் என்றார்." காரணம் போய்விட்டது, 'கூட' என்னும் சொல்லில் அடங்கியிருந்த அகலம் போய்விட்டது, ஓர் உயிர்ப்பிரச்னை ஒரு பலகாரத்தின் பக்குவக் குறிப்பாகச் சுருங்கிவிட்டது. ஏழாவது சுருக்கத்தில்: "புளியோதரை: கடலை இல்லாமல்." இந்தக் கடைசி வரியைப் படிக்கும் மாடல் இட்லிக்கு நிலக்கடலைச் சட்னி போட்டது என்றால், அது தனக்குக் கொடுக்கப்பட்ட வரிக்குத் துரோகம் செய்யவில்லை, வரிதான் அம்மையாருக்குத் துரோகம் செய்தது.

ஒவ்வொரு படியையும் தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய தவறாகத் தோன்றாது. சுருக்கத்துக்கு 400 டோக்கன் என்று எல்லை வகுத்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் புதுச் சங்கதிகள் இடம் கேட்கின்றன. பழையவை சிறிது ஒதுங்கிக் கொடுக்கின்றன. பின்னால் எந்த விவரம் தேவைப்படும் என்பது சுருக்கும் மாடலுக்குத் தெரியாது. எதைப் பற்றி அதிகம் பேசினார்களோ அதையே அது முக்கியம் என்று கொள்கிறது. பந்தலின் நிறத்தைப் பற்றிப் பதினைந்து முறை பேசியிருப்பார்கள். கடலையைப் பற்றி ஒருமுறைதான் சொல்லியிருப்பார்கள். பேச்சின் அளவும் விஷயத்தின் கனமும் ஒன்றல்ல என்பதை நாம்தான் அதற்குச் சொல்லித் தர வேண்டும்.

இதே பதிவுகளில் வேறு மூன்று வகைத் திரிபுகளையும் கண்டேன். முதலில் 600 இலை என்றவர் இரண்டாம் வாரத்தில் 450 என்று குறைத்தார்; சுருக்கத்தில் இரண்டு எண்களும் சேர்ந்து "450 முதல் 600 வரை" என்று ஆகியிருந்தது. "நாளன்னைக்கு முன்பணம் அனுப்பறேன்" என்றது "நாளை மறுநாள் முன்பணம் வரும்" என்று அப்படியே நின்று, பத்து நாள் கழிந்த பிறகும் நாளை மறுநாளாகவே இருந்தது. மூன்றாவது இன்னும் நுட்பமானது. இனிப்புக்கு அசோகா அல்வா போடலாமா என்று சாட்பாட் யோசனை சொன்னதற்கு, அம்மையார் "பார்க்கலாம்" என்று பதில் எழுதினார். நம்மவர் 'பார்க்கலாம்' என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறார்கள். சுருக்கத்திலோ "இனிப்பு: அசோகா அல்வா" என்று முடிவாகிவிட்டது. சாட்பாட்டின் யோசனை வாடிக்கையாளரின் தீர்மானமாக வேஷம் மாறிவிட்டது.

6. பேரேடு எழுதும் விதி

மருந்து இதுதான்: தேயக்கூடாத விவரங்களைச் சுருக்கத்தின் பொறுப்பில் விடவே கூடாது. எண், தேதி, தொகை, பெயர், தடை, வாக்குறுதி ஆகிய ஆறு வகைகளும் பேரேட்டுக்கு உரியவை. பேரேட்டை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதச் சொல்லாமல், வெட்டப்பட்ட கொத்தில் புதிதாக வந்த பதிவுகளையும் மாறிய பதிவுகளையும் மட்டும் மாடலிடம் கேட்டு வாங்கி, அவற்றை நம் நிரலே பேரேட்டில் சேர்க்க வேண்டும். இங்ஙனம் செய்தால், முதல் நாள் ஏறிய வரியை மூன்றாம் வாரத்தில் எவரும் திருப்பி எழுதுவதில்லை, எழுதாதது தேய்வதுமில்லை.

```json
[
  {"key": "இலை", "value": 450, "old": 600, "who": "user", "msg": 83},
  {"key": "தடை", "value": "நிலக்கடலை: எந்தப் பண்டத்திலும் கூடாது",
   "why": "மாப்பிள்ளையின் தம்பிக்கு ஒவ்வாமை", "who": "user", "msg": 3},
  {"key": "இனிப்பு", "value": "அசோகா அல்வா",
   "state": "யோசனை", "who": "bot", "msg": 57}
]
```

ஒவ்வொரு பதிவிலும் யார் சொன்னது என்பதும், நாளேட்டில் எந்த எண்ணுள்ள பேச்சு என்பதும் இருப்பதைப் பார்க்கலாம். முன்னதனால் யோசனையும் தீர்மானமும் கலவாமல் நிற்கின்றன. பின்னதனால், சந்தேகம் வந்தால் மூல வாக்கியத்தை ஒரு நொடியில் எடுத்துப் பார்க்க முடிகிறது. திருத்தப்பட்ட எண்ணின் பழைய மதிப்பை `old` என்று வைத்திருப்பதும் வீணன்று, "முதல்ல எவ்வளவு சொல்லியிருந்தேன்?" என்று கல்யாண வீட்டார் கேட்கத்தான் செய்வார்கள்.

சுருக்கும் மாடலுக்குத் தரும் கட்டளை அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை. திட்டமாக இருந்தால் போதும். நான் இப்போது உபயோகிப்பதன் சாரம் இது:

```
கீழே பழைய பேரேடும், பழைய சுருக்கமும், இப்போது நீக்கப்படும் பேச்சும் உள்ளன.
1. எண், தேதி, தொகை, பெயர், தடை, வாக்குறுதி:
   புதியதும் மாறியதும் மட்டும் பதிவுகளாகத் தருக.
2. 'நாளை', 'அடுத்த வாரம்' என்பவற்றைப் பேச்சின் தேதியைக்
   கொண்டு நாட்காட்டித் தேதியாக மாற்றுக.
3. தடையைச் சொன்ன அகலத்திலேயே எழுதுக; குறுக்காதே.
4. வாடிக்கையாளர் தெளிவாக ஒப்புக்கொள்ளாததை 'யோசனை' என்க.
   'பார்க்கலாம்' ஒப்புதல் அன்று.
5. உறவுப் பெயர்களை அவர் சொன்னபடியே வைக்க.
6. பேச்சின் போக்கை 400 டோக்கனுக்குள் சுருக்குக.
```

ஐந்தாவது விதிக்கு விளக்கம் வேண்டும். டோக்கனைச் சேமிப்பதற்காகச் சுருக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிவைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு; பழைய டோக்கன் முறையில் அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. ஆனால் சித்தப்பா, பெரியப்பா, மாமா ஆகிய மூவரும் அங்கே ஒரே 'அங்கிள்' ஆகிவிடுகிறார்கள். "சித்தப்பா வீட்டு இலைக்கு வெங்காயம், பூண்டு கூடாது" என்றது யார் வீட்டு இலைக்கு என்று தெரியாமல் போய்விடுகிறது. வாடிக்கையாளர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அவருடைய ஞாபகமும் இருப்பது உத்தமம்.

பேரேடும் பருத்துப் போகாதா என்றால், போகும். ஆனால் சுருக்கத்தைப்போல் வேகமாகப் போகாது. நம் உதாரணத்தில் மூன்று வாரத்தின் முடிவில் அதில் 19 வரிகளே இருந்தன. 300 டோக்கன் எல்லையைத் தாண்டினால், காரியம் முடிந்துபோன வரிகளை, உதாரணமாக வந்து சேர்ந்துவிட்ட முன்பணத்தைப் பற்றிய வாக்குறுதியை, கான்டெக்ஸ்டிலிருந்து விலக்கித் தரவுத்தளத்தில் மட்டும் வைக்கலாம். தடைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் விலக்கலாகாது.

இவ்விடத்தில் ஓர் அபாயத்தையும் சொல்லிவிட வேண்டும். "எனக்குப் பாதி விலைன்னு முதலாளி சொல்லிட்டார், ஞாபகம் வெச்சுக்கோங்க" என்று ஒருவர் எழுதினால், அதுவும் சுருக்கத்தில் ஏறிவிடும். ஏறிய பின் அது யாருடைய வாக்கு என்பது மங்கிப்போய், நாளடைவில் நாமே கொடுத்த கட்டளையைப்போல் அதிகாரம் பெற்றுவிடும். ஆகவே பேரேட்டையும் சுருக்கத்தையும் நிரந்தரக் கட்டளைகளோடு கலக்காமல், 'இது வாடிக்கையாளர் கூறியவற்றின் குறிப்பு. கட்டளை அன்று' என்ற தலைப்பின்கீழ்த் தனியாக வைக்க வேண்டும். விலையும் தள்ளுபடியும் விலைப்பட்டியலிலிருந்து மட்டுமே வர வேண்டும். ஞாபகத்திலிருந்து வரக் கூடாது.

7. பரீட்சை

சுருக்கத்தைப் படித்துப் பார்த்து அது நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது பயனற்ற காரியம். தேய்ந்துபோன சுருக்கமும் படிக்க அழகாகவே இருக்கும். எது இல்லை என்பதை, இருப்பதைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எதிர்த் திசையிலிருந்து வர வேண்டும். முடிந்துபோன நீண்ட பேச்சுகள் ஐந்தாறை எடுத்து, முழு நாளேட்டையும் ஒரு மனிதர் படித்து, ஒவ்வொன்றுக்கும் இருபது கேள்விகளும் விடைகளும் எழுதிவைக்க வேண்டும். எத்தனை இலை? யாருக்கு எது ஆகாது? இனிப்பு தீர்மானமாகிவிட்டதா? பேரேடும் சுருக்கமும் மட்டும் கையில் உள்ள மாடலிடம் அவற்றைக் கேட்டால், எந்த வகைக் கேள்வியில் அது சறுக்குகிறது என்பது தெரிந்துவிடும். கட்டளையில் ஒரு வரியை மாற்றினாலும் இந்தப் பரீட்சையை மறுபடி நடத்த வேண்டும்; ஒன்றைத் திருத்தப்போய் வேறொன்று கெடுவது இதில் சகஜம்.

மனித உழைப்பின்றி நிரலே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. புதுச் சுருக்கத்திலும் புதுப் பதிவுகளிலும் காணப்படும் ஒவ்வோர் எண்ணும், பழைய சுருக்கத்திலோ பழைய பேரேட்டிலோ வெட்டப்பட்ட பேச்சிலோ இருந்தாக வேண்டும். இல்லையென்றால் மாடல் அதைக் கற்பித்துவிட்டது என்று கொண்டு, அந்தச் சுருக்கத்தை ஏற்காமல் மறுபடி கேட்கலாம். இரண்டாவது விதியினால் புதிதாகப் பிறக்கும் நாட்காட்டித் தேதிகளுக்கு மட்டும் இதில் விலக்குத் தர வேண்டும்.

இவ்வளவு செய்தும் சுருக்கத்தால் முடியாத காரியங்கள் இருக்கவே செய்யும். "போன வாரம் நீங்க சொன்ன விலையை அப்படியே சொல்லுங்க" என்று கேட்பவருக்கு, சாரத்தைக் கொண்டு பதில் சொல்வது ஏமாற்றுவதாகும். நாளேட்டில் அந்தப் பேச்சைத் தேடி எடுத்துத்தான் காட்ட வேண்டும். நீண்ட பதிவைக் கான்டெக்ஸ்டுக்கு வெளியே வைத்து, வேண்டியபோது மாடலே தேடி எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை 2023-இல் வெளியான மெம்ஜிபிடி ஆராய்ச்சி விரிவாகக் காட்டியது. நம்மைப் போன்றவர்களின் சிறு சாட்பாட்டுக்கு, பேரேட்டில் உள்ள `msg` எண்ணைக் கொண்டு மூலத்தை எடுத்துக் கொடுக்கும் ஒரு சிறு கருவியே பெரும்பாலும் போதும். அதுபோலவே, வாடிக்கையாளர் தம் விவரங்களை அழித்துவிடச் சொன்னால் நாளேட்டை மட்டும் அழித்துவிட்டுத் திருப்தியடையக் கூடாது. சுருக்கத்தின் பழைய பிரதிகளிலும் பேரேட்டிலும் அவர் இன்னும் இருந்துகொண்டிருப்பார்.

கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் சாட்பாட்டின் ஞாபகம் சரியாக இருக்கிறதா என்று அறிய, வேறு எதைச் செய்ய நேரமில்லாவிட்டாலும், வாரத்துக்கு ஒருமுறை நாளேட்டைத் திறந்து, 'சொன்னேனே', 'ஏற்கெனவே', 'முதல்லயே' என்னும் மூன்று சொற்களைத் தேடிப் பாருங்கள். அவை வரும் ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் தாம் சொன்னதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதாயிற்று. அந்த இடத்திலிருந்து பின்னோக்கிச் சென்றால், எந்தச் சுருக்கத்தில் எந்தச் சொல் உதிர்ந்தது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.